காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம்: முதலாம் ஆண்டு மாணவிகளின் பெற்றோருக்கு ஒரு வார்டனின் மடல்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், கூடவே வந்து பெட்டி தூக்கிய மாமன்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

எல்லோரும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிள்ளையை விட்டுவிட்டு வாளையார் தாண்டும்வரை பேசாமல் வந்தோம் என்று போன வருஷம் ஓர் அப்பா சொன்னார். கோபாலபுரம் வழியாகப் போனவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். உங்கள் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி நாலைந்து பேர் அழுதார்கள், மறுநாள் காலையில் அதே நாலைந்து பேர் குளியலறைக்கு முதலில் போவது யார் என்று சண்டை போட்டார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். தமிழ்வழியில் படித்தேன், மலையாளம் தெருவில் கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் என்னிடம் எந்த மொழியிலும் அழலாம், திட்டு மட்டும் தமிழில்தான் விழும். பதினாலு வருஷமாக இந்த விடுதியில் இருக்கிறேன்.

வழக்கமான விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவுட்பாஸ் நீங்கள் பதிவு செய்த நம்பரிலிருந்து போன் வந்தால்தான் கிடைக்கும். அத்தை நம்பர், அண்ணன் நம்பரெல்லாம் செல்லாது. மெஸ் பில் மாதச் செலவைத் தலைக்கு வகுத்து வரும், அதனால் மாதாமாதம் கொஞ்சம் கூடும் குறையும். ராகிங் என்று ஒரு சொல் காதில் விழுந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் யுஜிசி உதவி எண் 1800-180-5522 இருக்கிறது. ஓணத்துக்கு நீண்ட விடுமுறை உண்டு. பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை ஒரே நாள்தான், அதை வைத்து ஒரு வாரத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

குடிதண்ணீர் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். “தண்ணி ரோஸ் கலர்ல இருக்குதாமே?” என்று. அது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். கேரளத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். கலரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. நான் பயப்படுவது வேறொன்றுக்கு. சூடு ஆறும்வரை பொறுக்காமல் கொதித்த தண்ணீரில் பாதி, குழாய்த் தண்ணீர் பாதி கலந்து குடிப்பார்கள். கலந்த பிறகு கொதிக்கவைத்ததற்கே அர்த்தமில்லை, மஞ்சள்காமாலை வர அந்தப் பாதி போதும். போனில் பேசும்போது இதை மட்டும் ஒரு தரம் கேட்டுவையுங்கள்.

சரி, இனி இந்த மடலை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். முதல் வருஷப் பிள்ளைகள் வந்து சேர்வதும் மழை பிடிப்பதும் ஒரே சமயம். அப்புறம் காய்ச்சல் வரும். எல்லாக் காய்ச்சலும் டெங்கு இல்லை, பெரும்பாலானவை நாலு நாளில் தானாகப் போகிறவை. ஆனால் எது எது என்று முதல் இரண்டு நாளில் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் டெங்கு என்றே வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அந்த வழக்கம் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

சில வருஷம் முன்பு உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காய்ச்சல் தொடங்கியிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. திங்களன்று அறைத்தோழி மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். செவ்வாய் இரவு மெஸ்ஸில் ஆளைக் காணோமே என்று அறைக்குப் போனேன். போர்த்திப் படுத்திருந்தாள், 102 டிகிரி. எப்போதிருந்து என்று கேட்டேன். திட்டுவேன் என்று பயந்து “இன்னைக்குத்தான் மிஸ்” என்றாள். அதை நம்பி அவள் அப்பாவிடமும் அப்படியே சொன்னேன்.

புதன்கிழமை காலை தாலுகா மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். தட்டணுக்கள் 1,30,000. குறைவுதான், பதற வேண்டிய குறைவு இல்லை. நாளைக்கு மறுபடி வந்து பாருங்கள் என்றார் டாக்டர். வியாழன் காலை பார்த்தால் காய்ச்சல் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஒன்பது மணிக்கு அப்பா வந்துவிட்டார். “காய்ச்சல்தான் விட்டிருச்சுங்களே டீச்சரம்மா, ஊருக்குக் கூட்டீட்டுப் போயி நாலு நாளைக்குக் கஞ்சியும் ரசமும் குடுத்தா தேறிக்குவா” என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. அவுட்பாஸில் கையெழுத்துப் போட்டேன்.

கோபாலபுரம் தாண்டியதும் பஸ்ஸில் வாந்தி. அடுத்த கொஞ்ச தூரத்தில் இன்னொரு தடவை. அப்புறம் வயிற்றுவலி. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினபோது அவளால் நிற்க முடியவில்லை, கைகால் சில்லென்று இருந்தது. அப்பா ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தட்டணுக்கள் 54,000, ரத்தம் கெட்டிப்பட்டிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று அங்கே கேட்டார்கள். மூன்றாவது நாள் என்றார் அப்பா, நான் சொன்னதை நம்பி. உண்மையில் அது ஐந்தாவது நாள். நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். பிழைத்தாள், படித்து முடித்தாள், இப்போது வேலையில் இருக்கிறாள். ஆனாலும் அந்த அவுட்பாஸ் என் கையெழுத்தில் போனது.

டெங்கு ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்று அப்புறம்தான் ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் காய்ச்சல் இறங்கும். நிறையப் பேருக்கு அதோடு சரியாகிவிடும். சிலருக்கு மட்டும், காய்ச்சல் இறங்குகிற அதே நேரத்தில் ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்கிற நீர் வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் போய்விடும், உள்ளே இருக்கிற ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும். இந்தக் கசிவு ஒரு நாள், இரண்டு நாள்தான். அதைத் தாண்டிவிட்டால் நீர் தானாகத் திரும்பிவிடும். ஆபத்தெல்லாம் அந்த இரண்டு நாளில். நெற்றியைத் தொட்டுப் பார்த்து ‘ஜில்லுன்னு இருக்கு, விட்டாச்சு’ என்று நாம் சந்தோஷப்படுகிற நேரமும் அதுதான்.

அதனால் இப்போது எங்கள் விடுதியில், காய்ச்சல் விட்டபின் 48 மணி நேரம் ஆகாமல் அவுட்பாஸ் கிடையாது. நீங்கள் வந்து பக்கத்திலேயே இருக்கலாம், விருந்தினர் அறை இருக்கிறது, நானே சாவி தருவேன். கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் முதல் இரண்டு நாளிலேயே கூட்டிப் போங்கள், அல்லது முழுக்கத் தேறியபின். நடுவில் பஸ் வேண்டாம். போன வருஷம் இதற்காக ஒருவர் என் மேல் ரொம்பக் கோபப்பட்டார். பட்டுக்கொள்ளட்டும்.

காய்ச்சல் என்று தெரிந்ததும் ஒரு சின்ன நோட்டு போடுகிறேன். தொடங்கிய நாள், மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சூடு, எத்தனை டம்ளர் குடித்தாள், கடைசியாக எப்போது சிறுநீர் போனாள். கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள், ஆனால் ஆறு மணி நேரமாகப் போகவில்லை என்றால் நான் ஜீப்பைக் கூப்பிடுவேன். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், காரணமில்லாத அசதி, மாதவிலக்கில் வழக்கத்தைவிட அதிகப் போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் அப்படியே. ஊருக்குக் கூட்டிப் போனால் அந்த நோட்டின் நகலையும் கொடுத்தனுப்புவேன். உங்கள் ஊர் டாக்டரிடம் முதலில் அதை நீட்டுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே இரண்டு. முதலாவது, நீங்கள் கட்டிக்கொடுத்த மாத்திரை டப்பா. அதில் பாராசிட்டமால் இருக்கட்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் இருந்தால் வேண்டாம். டெங்குவில் இவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ‘உடம்பு வலி மாத்திரை’, ‘செட் மாத்திரை’ என்று பெயரில்லாமல் கத்தரித்துத் தருகிறதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். நிலவேம்புக் கஷாயம் கொண்டுவந்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம், ஆனால் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்குப் பதிலாக அது ஆகாது.

இரண்டாவது, போன். காய்ச்சல் வந்தால் உங்கள் பெண் முதலில் அழைப்பது என்னை அல்ல, உங்களைத்தான். அது சரிதான், அம்மாவைத்தான் கூப்பிடுவாள். “வார்டன்கிட்ட சொல்லிராதீங்க” என்றும் சொல்வாள். அந்தப் போனை வைத்த கையோடு என்னைக் கூப்பிடுங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பேன். காய்ச்சல் எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது என்று அவளிடம் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள், உங்களிடம்தான் பொய் சொல்ல மாட்டாள். ஆஸ்துமா, வலிப்பு, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது இருந்தால், சேர்க்கைப் படிவத்தில் எழுதத் தயங்கியிருந்தாலும் இப்போது போனில் சொல்லிவிடுங்கள். அது என்னோடு இருக்கும்.

கடைசியாக, பக்கெட். பாலக்காட்டில் எங்கள் கிழக்குப் பக்கம் தண்ணீர் தட்டுப்பாடு உள்ள இடம், அதனால் பிள்ளைகள் பிடித்துப் பிடித்து வைப்பார்கள். டெங்குக் கொசு அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும், பத்து நாளுக்குள் கொசுவாகிப் பறந்துவிடும், கடிப்பதும் பகலில். ஞாயிறு காலை எல்லா அறையிலும் பக்கெட்டைக் கவிழ்த்து, உள்பக்கம் நார் போட்டுத் தேய்க்கச் சொல்கிறேன், முட்டை பக்கெட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. கூட்டம் போட்டு எண்ணிப் பார்த்தோம், நூற்றிருபது பிள்ளைகளுக்கு இருநூற்றுப் பத்து பக்கெட் வந்திருக்கிறது. அடுத்த தடவை வரும்போது ஆளுக்கு ஒன்று போக மீதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் வார்டன்