மீசை தெரிந்தது

அன்புள்ள செல்வி,

பொங்கலுக்குப் போட்ட உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள், அப்புறம் படி. வீட்டில் எல்லாரும் நலம். ஜெயநகரில் விடாத மழை, அம்மாவுக்கு முழங்கால் வலி. போதும். உன்னிடம் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு விஷயம் நடந்தது.

போன செவ்வாய்க்கிழமை. தர்மபுரிப் பையன், வயது பத்தொன்பது, இங்கே ஒரு பேக்கரியில் வேலை. பதினோரு நாள் காய்ச்சல். பிளட் கல்ச்சரில் கிராம் நெகட்டிவ் பேசில்லை வந்தது. மெக்கான்கி தட்டில் நிறமில்லாத காலனி. இரவு ஒன்பது மணிக்கு நம் லேப் பையன் ஒருவன், மூன்று சர்க்கரையும் இரும்பும் கலந்த அகார் ட்யூபான டிஎஸ்ஐ போட்டான். காலை ஆறு மணிக்குப் பார்த்து, மேலும் கீழும் மஞ்சள், கேஸ் இல்லை, கறுப்பு இல்லை என்று எழுதிவிட்டான். நான் வந்தபோது 'டைபாய்டு இல்லை, கலப்பாக இருக்கலாம், மறுபடி ரத்தம் அனுப்பவும்' என்று ரிப்போர்ட் தயாராக இருந்தது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கையெழுத்துப் போடவும் போனேன், செல்வி. மெக்கான்கியில் லாக்டோஸ் மட்டும்தான். டிஎஸ்ஐயில் சுக்ரோஸும் உண்டு. அதனால் அங்கே நிறமில்லாமல் இருந்து இங்கே மஞ்சளாவது நடக்கிற விஷயம்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேரம் எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்த பிறகுதான் கை நின்றது. ஒன்பது மணி நேரம்தான் ஆகியிருந்தது!

கண்ணாடி சார் போர்டில் எழுதிப் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? லிட்டருக்கு லாக்டோஸ் 10 கிராம், சுக்ரோஸ் 10 கிராம், குளுக்கோஸ் ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராமில்தான் சூட்சுமமே இருக்கிறது. குளுக்கோஸ் மட்டும் தின்னும் கிருமியும் முதலில் ட்யூப் முழுக்க அமிலமாக்கி, ஃபீனால் ரெட் சாயத்தை மஞ்சளாக்கிவிடும். ஆனால் அந்தக் கொஞ்சம் சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு, அகாரின் மேலே சாய்வாக, காற்றுப் படும் சரிவில் இருப்பவை பெப்டோனைத் தின்னத் தொடங்கி அம்மோனியா வெளியேற்றும். சரிவு மறுபடி சிவக்கும். அடியில் காற்று இல்லை, அதனால் அமிலம் அப்படியே நிற்கும், மஞ்சளும் நிற்கும். லாக்டோஸோ சுக்ரோஸோ தின்பவையாக இருந்தால், பத்து மடங்கு சர்க்கரை இருப்பதால் சரிவு மறுநாளும் மஞ்சளாகவே இருக்கும். ஆக, ஒன்பது மணி நேரத்தில் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டு நாள் விட்டுப் பார்த்தாலும் ஆபத்து: லாக்டோஸ் தின்பவையும் சர்க்கரை தீர்ந்து சிவக்க ஆரம்பித்துவிடலாம். பதினெட்டிலிருந்து இருபத்துநாலு மணிக்குள் பார் என்று சார் தொண்டை கிழியக் கத்தியது சும்மா இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். மூடியை இறுக்கி மூடியிருந்தான். காற்று போகாவிட்டால் சரிவு சிவக்கவே சிவக்காது. மூடியைத் தளர்த்தி, 37 டிகிரியில் திரும்ப வைத்துவிட்டு, அன்று முழுக்க நான் நிலைகொள்ளாமல் அலைந்தேன். சாப்பாடும் இறங்கவில்லை.

மாலை நாலு மணி. ட்யூபை எடுத்து விளக்கு முன்னால் பிடித்தேன். சரிவு நல்ல சிவப்பு. அடி மஞ்சள். அகாரில் விரிசலோ குமிழோ இல்லை. சரிவும் அடியும் சேரும் இடத்தில், கம்பி குத்தின துளையை ஒட்டி, மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. மீசை, செல்வி! நீ சார் முதுகுக்குப் பின்னால் வரைந்து காட்டுவாயே, அதே மீசை! தயோசல்பேட்டிலிருந்து துளிப்போல வந்த ஹைட்ரஜன் சல்பைடு, இரும்போடு சேர்ந்து கறுத்து நிற்கிறது. மற்ற சால்மோனெல்லாக்களில் பல, ட்யூபின் அடி முழுக்கக் கறுப்பாக்கிவிடும், கேஸும் விடும். டைபாய்டு தரும் டைஃபிதான் இப்படி அடக்கமாக நிற்கும்.

இருந்தாலும் ட்யூபை மட்டும் நம்பிப் பெயர் எழுதக் கூடாதே. சில டைஃபி முதல் நாளில் கறுப்பே காட்டாது. டைஃபியைத் திரள வைக்கும் ஓ9 சீரத்தை ஸ்லைடில் விட்டேன், திரளவில்லை. ஒரு நிமிஷம் நெஞ்சு அடைத்தது. அப்புறம் கிருமியின் மேலிருக்கும் விஐ உறை ஓ9ஐ மறைக்கும் என்பது நினைவுக்கு வந்து, கரைசலைக் கொதிக்க வைத்து ஆற்றி மறுபடி போட்டேன். உடனே திரண்டது. ஐந்தரைக்கு வார்டுக்குப் போன் செய்தேன். பையன் இப்போது கஞ்சி கேட்கிறானாம்.

லேப் பையனைத் திட்டவில்லை. அவனுக்கு யாரும் காரணம் சொல்லித் தரவில்லை, நிறம் மட்டும் சொல்லித் தந்திருக்கிறோம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு ட்யூபிலும் போட்ட நேரத்தை மார்க்கரில் எழுதச் சொல்லிவிட்டேன். ஆனால் காலை ஆறு மணிக்கே டியூட்டி மாறும்போது பார்த்துவிடும் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? உங்கள் நைட் ஷிஃப்டில் டிஎஸ்ஐ எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், யார் பார்க்கிறார்கள்? விவரமாக எழுது. நானும் தை வரை காக்க வைக்க மாட்டேன்.

உன்,
மாலதி