மடிப்பாக்கம் வீட்டுச் சாவி பற்றி கார்த்திக்குக்கு

அன்புள்ள கார்த்திக்,

வீட்டைக் காலி செய்கிறேன் என்று அங்கே குடியிருக்கும் தம்பி உன்னிடம் போனில் சொன்னதும், நீ "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்றதும் தெரிந்தது. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு வாய்வார்த்தையில் விட்டால் கடைசியில் நான்தான் அவரோடு நின்று பேசவேண்டும். அதனால் இன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பு, அவர் "சரி" என்று பதில் போடட்டும்.

முதலில் தேதி. புதிதாக வருபவர் ஆடி பிறப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்று ஜூலை 13-ஆம் தேதி பால் காய்ச்சுகிறார். நடுவில் வெள்ளையடிக்கவேண்டும். ஆகவே 5-ஆம் தேதியைத் தாண்டக்கூடாது. "5-ஆம் தேதி காலி செய்கிறேன்" என்றால் அவருக்கு அது லாரி கிளம்பும் நாள். நமக்கு அது சாவி கைக்கு வரும் நாள். போன முறை இருந்தவர் சாமானை ஏற்றிவிட்டு, பரணில் இரண்டு மூட்டை இருக்கிறது, வந்து எடுக்கிறேன் என்று சாவியையும் கொண்டுபோய்விட்டார். அதற்கு வாடகை கேட்கவும் முடியவில்லை, பெயின்டரை உள்ளே விடவும் முடியவில்லை. இந்த முறை சாவி வாங்கும் வரைதான் வாடகைக் கணக்கு என்று எழுதிவிடு. ஜூலையில் ஐந்து நாளுக்கு, மாத வாடகை 18,000-ஐ 31-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 2,903 ரூபாய்.

அடுத்து மீட்டர். இதில்தான் எல்லோரும் சண்டை போடுவார்கள். ஈபியில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஜூன் 8-ஆம் தேதி கணக்கெடுத்தபோது 14,820. அடுத்தது ஆகஸ்டில். ஒரே பில்லில் இவரும் இருப்பார், புதியவரும் இருப்பார்.

5-ஆம் தேதி ரீடிங் 15,010 என்று வைத்துக்கொள். இவர் கணக்கு 190 யூனிட். புதியவர் ஆகஸ்டுக்குள் 250 ஓட்டினால் மொத்தம் 440. பில் தொகையை 190-க்கு 250 என்று பிரித்துவிடலாம், இலவச யூனிட்டும் தானாகப் பங்காகிவிடும். புதியவர் ஏசி போட்டு 340 ஓட்டினாலோ, மொத்தம் 530. 500-ஐத் தாண்டினால் தொடக்க யூனிட்களுக்கு உள்ள சலுகை குறைந்துவிடும், மொத்த பில்லும் ஏறிவிடும். அந்த ஏற்றத்தை எப்போதோ போய்விட்டவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆகஸ்ட் வரைக்கும் அட்வான்ஸைப் பிடித்து வைப்பதும் அழகில்லை. மின்வாரிய இணையதளத்தில் உள்ள பில் கணக்கிடும் பக்கத்தில் அவருடைய 190-ஐ மட்டும் போட்டு, வரும் தொகையை அன்றே வாங்கிக்கொள்வோம். பின்னால் துண்டு விழுந்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேலும் போகலாம். அதை நீ போட்டுக்கொள், வீட்டுக்காரனுக்கு அதுவும் ஒரு செலவுதான்.

ரீடிங் எடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கீழே பேனலில் மீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. டிஜிட்டல் மீட்டரில் தேதி, வோல்டேஜ், வேறு எண்கள் எல்லாம் மாறி மாறி ஓடும். பக்கத்தில் kWh என்று வரும் எண்தான் நமக்கு வேண்டியது. மீட்டர் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்கவேண்டும். நம் மீட்டர்தானா என்று சந்தேகம் வந்தால், வீட்டுக்குள் ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடும்போதே பார்க்கச் சொல். சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். மேலே மெயினை அணைத்தால் நம் மீட்டரில் அது நின்றுவிடும். ஃபிரிட்ஜை லாரியில் ஏற்றிய பிறகு இதைப் பார்ப்பது கஷ்டம்.

நீ அனுப்பவேண்டியது இதுதான், உன் பாணியில் மாற்றிக்கொள்:

"தம்பி, ஜூலை 5 காலை 11 மணிக்கு அப்பா வருவார். சாமான் முழுக்க எடுத்த பிறகு சாவியை அவரிடமே கொடுங்கள்: வாசல் கதவு 2, கிரில் 1, பால்கனி 1, தபால் பெட்டி 1. வாட்ச்மேனிடம் வேண்டாம். வாடகை சாவி தரும் நாள் வரை. ரீடிங்கை இருவரும் சேர்ந்து பார்த்து போட்டோ எடுங்கள். ஜூன் 8-இல் 14,820, அதற்கு மேல் ஓடியதற்குப் பணம். ஜூன் பில் கட்டிய ரசீதும் அனுப்புங்கள். இவை போக மீதி அட்வான்ஸை அன்று மாலையே அனுப்பிவிடுகிறேன். சரி என்றால் பதில் போடுங்கள்."

அட்வான்ஸ் பற்றிய வரியை எடுத்துவிடாதே. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பவேண்டும் என்று 2017 வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. இவர் நாலு வருஷம் ஒரு மாதம் கூடத் தள்ளாமல் வாடகை கொடுத்தவர், அவரை ஒரு மாதம் காக்க வைக்கவேண்டாம்.

சாவி வாங்கியதும் ரீடிங்கையும் சாவிக் கணக்கையும் அங்கேயே நின்று உங்கள் இருவருக்கும் ஒரே செய்தியாக அனுப்பிவிடுகிறேன். கிரில் பூட்டு கொஞ்சம் சிக்குகிறது, அவர் பொறுப்பில் போடாதே, பழைய பூட்டு.

அம்மா நலம். பணம் அனுப்பும் கணக்கில் அன்று போதுமான தொகை இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா