பனி காய்ந்தால் வண்டி இறங்கிவிடும்

ஓபியம் வகைப் போதைக்குப் பழகியவர்களுக்கு மாற்று மருந்து கொடுக்கும் எங்கள் மாவட்ட ஓ.எஸ்.டி. மையத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தம்பி உங்கள் மையத்தில் ஒன்பது மாதமாக அந்த மாற்று மருந்தான புப்ரினார்ஃபின் சாப்பிடுகிறான். பெயர் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது, இங்கே வேண்டாம். கதிர் அறுக்கும் வண்டி ஓட்டுகிறான். சம்பா அறுவடையில் கதிர்மேல் பனி காயும் வரை வண்டி வயலில் இறங்காது. ஒன்பதரை, பத்துக்கு இறங்கினால் இருட்டும் வரை நிற்காது. உங்கள் கதவு ஒன்பதுக்குத் திறக்கிறது, மருந்து அலமாரியின் சாவி பத்துக்கு வருகிறது. கணக்கு உங்களுக்கே புரியும்.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் வலி மாத்திரையை நள்ளிரவில் கரைத்து ஊசி போட்டுவிட்டுக் காலை ஒன்பதுக்கு வந்து நின்றான். "நேத்து சாயங்காலம்தான்" என்று பொய் சொன்னான். உங்கள் நர்ஸ் அக்கா நம்பவில்லை. கொட்டாவி வரவில்லை, மூக்கு ஒழுகவில்லை, கையில் புல்லரிப்பு இல்லை என்று பார்த்து, மதியம் வரை பெஞ்சில் உட்காரவைத்தார். உடம்பில் பழைய மருந்து நிறைய இருக்கும்போது இதைக் கொடுத்தால் இது அதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் வேலையில் பாதிதான் செய்யும், உடனே படுத்தியெடுத்துவிடும் என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். அப்புறம் 2 மில்லிகிராம் நாக்குக்கு அடியில், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2.

மூன்றாம் நாள் 8 ஆனது. அப்போதும் விடியற்காலை நான்கு மணிக்கு வியர்த்துப்போய் எழுந்துவிடுவான். "கனவு" என்று நான் நினைத்தேன். "எத்தனை மணிக்கு எழுந்திருக்கான்?" என்று டாக்டர் கேட்டார். தினமும் அதே நேரம் என்றதும், முந்தைய நாள் மருந்து அதுவரைதான் தாங்குகிறது என்று சொல்லி 12 ஆக்கினார். அன்றிலிருந்து தூங்குகிறான், பகலில் சொக்குவதும் இல்லை. இவ்வளவு கூர்ந்து பார்க்கிற இடம் தினமும் வரச் சொல்வதில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

போன தை மாதம் வண்டி வேதாரண்யம் பக்கம் போனது. உங்கள் மையத்துக்குப் போய்வர பஸ்ஸில் நான்கு மணி நேரம். முதல் நாள் வந்துபோனான். "இன்னொரு நாள் இப்படின்னா வேற டிரைவர் பார்த்துக்கறேன்" என்றார் வண்டிக்காரர். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி மூக்கு ஒழுகி, தொடை எலும்பு குடைய, பழைய மாத்திரைக்காரன் எண்ணைப் போனில் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதை அழுத்தாமல் என்னைக் கூப்பிட்டான். நான் பைக்கில் போய் விடியும் முன் அழைத்துவந்தேன். கவுண்டரில் கிடைத்த வரவேற்பு: "இஷ்டத்துக்கு வர்ற இடமா இது?"

அய்யா, அவன் கேட்டது வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் மருந்து. மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைத்து, கரையும் வரை எதிரிலேயே நிற்கவைப்பது விற்றுவிடுவார்கள் என்ற பயத்தால்தான். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு, ஓபியம் வகை மருந்தின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் சேர்ந்த மாத்திரை இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைத்தால் அந்த நலாக்சோன் பெரும்பாலும் சும்மா இருக்கும். கரைத்து ஊசியில் ஏற்றினால், வேறு ஓபியம் வகைக்குப் பழகிய உடம்பைப் படுத்திவிடும். இது முழுப் பூட்டு இல்லை, தெரியும். அதனால்தான் திடீரென ஒரு நாள் கூப்பிட்டு மிச்சத்தை எண்ணிப் பாருங்கள், சிறுநீர் சோதியுங்கள், தவறினால் தினமும் வரச் சொல்லுங்கள் என்கிறோம். என் பிள்ளைகள் சின்னவர்கள். ஒரு மாத்திரைகூடக் குழந்தையின் மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதால் பூட்டுப்போட்ட டப்பாவும் வாங்கிவைத்திருக்கிறேன்.

2020 ஊரடங்கில் நாட்டின் பல மையங்களில் இதே மருந்தை வீட்டுக்குக் கொடுத்தார்கள். கிருமிக்குப் பயந்தால் நம்பலாம், அறுவடைக்கு நம்பக் கூடாதோ? தெருமுனை மதுக்கடையில் யாரும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வதில்லை. சரி, அது உங்கள் இலாகா இல்லை. மன்னிக்கவும்.

கேட்பது இதுதான். மூன்று மாதம் ஒரே அளவில் நிலைத்து, சோதனையில் வேறெதுவும் வராதவர்களுக்கு, முதலில் இரண்டு நாளுக்கும் பிறகு ஒரு வாரத்துக்கும் மருந்தைக் கையில் கொடுங்கள். உடனே முடியாதென்றால், தயவுசெய்து அலமாரிச் சாவியையாவது காலை ஏழு மணிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆவணியில் குறுவை அறுப்பு வருகிறது. எந்த ஊர் வயலில் வண்டி நிற்கும் என்று இன்னும் தெரியவில்லை.

இப்படிக்கு,
மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு அண்ணன்