திருப்பணி நிறைவு அறிக்கை: சுவரில் ஒட்டியிருந்த அந்தக் கட்டத்தாள் பற்றி

கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. பாலாலயம், மடைப்பள்ளி ஓடு மாற்றியது, மின்வேலை எல்லாம் சொன்ன வாரத்திலேயே முடிந்தன. 200 மூட்டை சிமெண்ட் தந்த மேலத்தெரு மளிகைக்கடைக்காரர், மதிலுக்குச் செங்கல் இறக்கிய சூளைக்காரர், வண்ணச் செலவை ஏற்ற ஓய்வுபெற்ற தபால்காரர் குடும்பம், சில்லறையாகவே 11,000 சேர்த்துக் கொடுத்த பூக்கட்டும் பெண்கள், எல்லோருக்கும் நன்றி. இனி வண்ணக்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்த 18,000 ரூபாய்க்கு வருகிறேன், பொதுக்குழுவில் அதைத்தானே மூன்று முறை கேட்டீர்கள்.

அலுவலகச் சுவரில் ஒரு கட்டத்தாள் ஒட்டியிருந்தோம். மேலே 24 வாரம், இடப்பக்கம் வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. விமானச் சாரம் 1ஆம் வாரம், சுதை 2 முதல் 9, உலர 10 முதல் 12, வண்ணம் 13 முதல் 17, சாரம் பிரிக்க 18, தட்டோடு 19 முதல் 22, யாகசாலை 23, கும்பாபிஷேகம் 24. உலரும் மூன்று வாரத்தில் ஆள் வேலை கிடையாது, கூலியும் கிடையாது, ஆனாலும் பட்டை போட்டோம். ஈரச் சுதையில் வண்ணம் அடித்தால் உரிந்து வந்துவிடும். சாரத்தின் கால்கள் அர்த்த மண்டப மேல்தளத்தில் நிற்பதால் அதைப் பிரிக்காமல் தட்டோடும் பதிக்க முடியாது. ஒன்றின் முடிவில்தான் அடுத்தது தொடங்கும், நடுவில் ஒரு வாரம்கூட மிச்சமில்லை.

மதில் அப்படியில்லை. 3இல் தொடங்கி 7இல் முடிய வேண்டியது, மணல் வராமல் 10இல் முடிந்தது. அதற்குத்தான் ஊரே சத்தம் போட்டது, இன்னும் ஆள் போடச் சொன்னது. ஆனால் 22ஆம் வாரம் வரை இழுத்திருந்தாலும் மதிலால் எதுவும் நின்றிருக்காது. 15 வாரம் கையில் இருந்தது, அதில் மூன்று போனது, அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் பச்சை வலைக்குப் பின்னால் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. மேல் இரண்டு நிலைச் சுதையும் 6ஆம் வாரம் முடிந்ததும் சுதைக்காரர்கள் வேறொரு கோயிலுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து கீழ்நிலையை முடித்தபோது 12ஆம் வாரம். பழைய தாளின்படி எல்லாமே மூன்று வாரம் தள்ளும், குறித்த முகூர்த்தமோ தள்ளாது.

அப்புறம்தான் சுதைப் பட்டையை மூன்று நிலையாக வெட்டி வரைந்து பார்த்தோம். மேல் இரண்டும் 9ஆம் வாரமே உலர்ந்துவிட்டன! கீழ்நிலை 13 முதல் 15 வரை உலரட்டும், அதே மூன்று வாரத்தில் மேலே வண்ணம் அடிக்கலாம், கீழே 16, 17இல் அடித்தால் போதும். 18ஆம் வாரம் சாரம் இறங்கிவிடும்.

வண்ணக்காரர் ஒப்பவில்லை. முழு விமானத்தையும் ஒரே மூச்சில் அடிப்பதாகத்தான் பேச்சு, இப்போது இரண்டு தடவை வண்ணம் கலக்கணும், மேலிருந்து சொட்டுவது ஈரச் சுதையில் விழாமல் பலகைக்கடியில் தார்ப்பாய் கட்டணும், யார் கொடுப்பது என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். இரண்டு நாள் இழுத்து 18,000இல் முடிந்தது. சாரம் மூன்று வாரம் கூட நின்றிருந்தால் வாடகை மட்டுமே 27,000 ஆகியிருக்கும், முகூர்த்தமும் போயிருக்கும்.

சுதையை ஒரே நீளப் பட்டையாக முதலிலேயே வரைந்தது எங்கள் தப்பு. நிலை நிலையாக வரைந்திருந்தால் வண்ணக்காரரிடம் ஒப்பந்தமும் அப்படியே பேசியிருப்போம். அந்தத் தாளும் ரசீதுகளும் அலுவலகத்தில் இருக்கின்றன, தார்ப்பாய்கள் வாகன மண்டபத்தில்.