காலிப் பணியிடத்தை முதலில் எடுங்கள், 4 மணிக்குக் கூட்டத்தை முடியுங்கள்: வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டார மருத்துவ அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நம் வட்டாரத்து மாதாந்திர ரிவ்யூ மீட்டிங் பற்றி எழுதுகிறேன். பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை என்றுதான் ஒவ்வொரு மாதமும் தகவல் வருகிறது. முடியும்போது ஆறரை ஆகிவிடுகிறது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு இருட்டில் வீடு போய்ச் சேருகிற செவிலியர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவ்வளவு நேரம் உட்கார்ந்தும், முடிவு செய்ய வேண்டிய ஒன்றை முடிவு செய்யாமல் எழுந்து வருகிறோமே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன மாதக் கூட்டத்தில், செவிலியர் மாறுதலாகிப் போன அந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு யார் இன்சார்ஜ் என்பது பேச்சுப்பொருளில் கடைசி வரியாக இருந்தது. அந்த வரிக்கு வரும்போது மணி ஆறு. பாதிப் பேர் பையைத் தோளில் மாட்டிவிட்டார்கள். "சரி, இதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றீர்கள். அதற்கு முந்தைய மாதமும் அதே வரி அதே கடைசி இடத்தில்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை அந்த ஊர் அங்கன்வாடியில் தாய்மார்கள் குழந்தைகளோடு தடுப்பூசிக்குக் காத்திருந்தார்கள். பக்கத்து நிலையத்துச் செவிலியருக்குத் தன் ஊரிலேயே அன்று முகாம். பத்து வாரக் குழந்தைக்கு இரண்டாவது தவணை பென்டா போட வந்த ஒரு பெண், நூறு நாள் வேலைக்குப் போகாமல் காலை ஒன்பதிலிருந்து உச்சிவெயில் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அன்றைய கூலி போயிற்று. ஊசியும் போடவில்லை. இனி அந்த ஊரில் வீடு வீடாகப் போய் "முகாமுக்கு வாங்க" என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது? கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது, ஐயா.

நம் இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். வட்டாரத்தில் 24 துணை சுகாதார நிலையங்கள். ஒவ்வொருவராக எழுந்து கர்ப்பிணிப் பதிவு, பிரசவம், தடுப்பூசி, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று எண்களை வாசிக்கிறோம். ஒருவருக்கு 5 நிமிடம் என்றாலே 120 நிமிடம் ஆகிவிட்டது. தாமதமாகத் தொடங்குவது, டீ, மாவட்டத்திலிருந்து வரும் போன் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. ஆக, கூட்டம் 4 மணிக்கு முடிவதற்கு அதன் அமைப்பிலேயே வழியில்லை. யாரும் வளவளவென்று பேசாவிட்டாலும் முடியாது. நீங்கள் கோபப்பட்டு "சீக்கிரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்தும்போது, உண்மையிலேயே சிக்கல் உள்ள ஊரின் செவிலியரும் எண்ணை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

அந்த எண்களை நாங்கள் ஏற்கெனவே பதிவேட்டில் எழுதி, போர்ட்டலில் ஏற்றி, வாட்ஸப் குழுவிலும் போட்டிருக்கிறோம். ஒரே எண்ணை இத்தனை இடத்தில் கேட்பது பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு "உடனே அனுப்பவும்" என்று செய்தி வருகிறது. அனுப்புகிறோம். திங்கள் காலையில் அதையே வேறு படிவத்தில் கேட்கிறார்கள். களத்தில் இருக்க வேண்டிய நேரமெல்லாம் செல்போன் திரையில் போகிறது. அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மாதாந்திரக் கூட்டம் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி மட்டும் பணிவோடு கேட்கிறேன்: காலிப் பணியிடத்தை முதலில் எடுங்கள், கூட்டத்தை 4 மணிக்கு முடியுங்கள்.

எப்படி முடியும் என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

2 மணிக்கு, வந்தவர்களை வைத்துத் தொடங்கிவிடுங்கள். வராதவர்களுக்காகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் நேரத்துக்கு வந்தவர்களும் அடுத்த மாதம் இரண்டேகாலுக்குத்தான் வருவார்கள். முதல் 10 நிமிடத்தில் போன மாத முடிவுகளைப் படித்து, நடந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். நடக்காததற்கு விளக்கம் கேட்க ஆரம்பித்தால் அதிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும்.

2.10 முதல் 2.40 வரை காலிப் பணியிடம். பேச்சுப்பொருளில் இதை "காலிப் பணியிடங்கள்" என்று எழுதினால் ஆளாளுக்கு ஒன்று பேசுவார்கள்; ஆள் ஏன் போடவில்லை, எப்போது கவுன்சிலிங் என்று அது எங்கோ போய்விடும். "புதிய ஆள் வரும்வரை எந்தப் புதன்கிழமை யார் முகாம் நடத்துவது?" என்று கேள்வியாக எழுதுங்கள். பதில் கிடைத்ததா இல்லையா என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே செக்டார் ஹெல்த் நர்ஸ் ஒரு பக்கத்தில் விவரம் அனுப்பிவிடட்டும்: முகாம் நடக்கும் இடங்கள், ஊசி போட வேண்டிய குழந்தைகள், பக்கத்து மூன்று நிலையங்களிலிருந்து தூரம், அந்த மூவருக்கும் எந்தப் புதன் ஓய்வாக இருக்கிறது என்பது.

அந்த 30 நிமிடத்தையும் உள்ளே பிரித்துக்கொள்ளலாம். 3 நிமிடம் அவர் விஷயத்தைச் சொல்லட்டும். 5 நிமிடம் விவரத்தில் சந்தேகம் இருந்தால் மட்டும் கேட்கலாம். கருத்துச் சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை. அடுத்த 12 நிமிடத்தில் பாதிக்கப்படும் அந்த மூன்று செவிலியர்கள் முதலில் ஆளுக்கு 2 நிமிடம் பேச வேண்டும். மீதி 6 நிமிடம் மற்றவர்களுக்கு. பிறகு நீங்கள், "முதல் புதன் இவர், மூன்றாம் புதன் அவர், வேக்ஸின் கேரியரை இன்னார் கொண்டுபோய்க் கொடுப்பார், இது இன்ன தேதி வரை" என்று உங்கள் யோசனையை உரக்கச் சொல்லி 5 நிமிடம் ஆட்சேபணை கேளுங்கள். கடைசி 5 நிமிடத்தில் முடிவைச் சொல்லி, மினிட்ஸ் நோட்டில் எழுதவையுங்கள். நீங்கள் உங்கள் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், ஐயா. அந்த மூன்றாம் புதன் அவருக்கு வேறு ஊரில் முகாம் இருப்பது அந்த நாள் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

2.40 முதல் 3 மணி வரை தடுப்பூசி வண்டி. கடைசி ஊருக்குக் கேரியர் போய்ச் சேரும்போது பதினொன்று ஆகிவிடுகிறது. பி.சி.ஜி., எம்.ஆர். இரண்டையும் கலந்த 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். தாய்மார்களோ வெயில் ஏறுவதற்குள் வந்து போய்விட நினைக்கிறார்கள். வழித்தடத்தை மாற்றுவதா, இரண்டாகப் பிரிப்பதா என்பதுதான் கேள்வி. இதற்கு 20 நிமிடம் போதும்.

3 மணிக்கு 10 நிமிடம் டீ. இதை வெட்டாதீர்கள். வெட்டினால் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்வருவார்கள்.

3.10 முதல் 3.30 வரை எண்கள். எல்லோருடைய எண்களும் ஒரே தாளில் முந்தின நாளே குழுவுக்கு வந்துவிடட்டும். கூட்டத்தில் மிகவும் பின்தங்கிய நான்கு நிலையங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் கொடுங்கள். அவரைத் திட்டுவதற்கு அந்த நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். என்ன தடை, என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். மற்ற இருபது பேரும் எழுந்து வாசிக்கத் தேவையில்லை. 3.30 முதல் 3.40 வரை சுற்றறிக்கைகள். அதையும் வாசிக்க வேண்டாம், அச்சிட்ட தாளைக் கொடுத்துச் சந்தேகம் மட்டும் கேட்டால் போதும்.

3.40 முதல் 3.50 வரை எதையும் வைக்காதீர்கள். ஏதாவது ஒன்று நிச்சயம் நீளும்; இந்த 10 நிமிடம் அதற்காக. கடைசி 10 நிமிடத்தில் முடிவுகளை உரக்கப் படிக்க வேண்டும்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். பெயர் சொல்லப்பட்டவர் அங்கேயே "சரி" என்று சொல்ல வேண்டும். இப்போது நம் நோட்டில் "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. யாருடைய பெயரும் இல்லை, தேதியும் இல்லை. கூட்டம் நன்றாக நடந்ததா என்று பார்க்க அந்த நோட்டே போதும்.

இதெல்லாம் தாளில் எளிது, நடக்கும்போது நழுவும் என்று எனக்கும் தெரியும். நழுவுகிற இடம் ஒன்றுதான்: ஒரு விஷயத்தின் நேரம் தீர்ந்த பிறகும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்த யாருக்கும் துணிவு வராது. தலைமை வகிப்பவரே கடிகாரத்தையும் பார்க்க முடியாது, பேச்சில் ஆழ்ந்துவிடுவார். எனவே வேறொருவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள், மாதம் ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். முடிய 5 நிமிடம் இருக்கும்போது அவர் சொல்வார். நேரம் தீர்ந்ததும் நீங்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அங்கேயே முடிவு சொல்வது, அல்லது இரண்டு பேரிடம் ஒப்படைத்து இத்தனை நாளில் முடித்துச் சொல்லுங்கள் என்பது, அல்லது வேறொரு விஷயத்தின் நேரத்தை, எதிலிருந்து என்று பெயர் சொல்லி எடுப்பது. நான்காவதாக, 4 மணியைத் தாண்டிப் போவது என்ற வழி மட்டும் வேண்டாம்.

அந்தக் கடிகாரக்காரர் உங்களைவிடப் பதவியில் சிறியவராகத்தான் இருப்பார். "ஐயா, நேரமாகிவிட்டது" என்று உங்கள் பேச்சை அவர் நிறுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே தொடக்கத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும், "நான் பேசினாலும் நிறுத்தலாம்" என்று நீங்களே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை அவர் நிறுத்தி, நீங்கள் நிறுத்திக்கொண்டால் போதும், மற்ற எல்லோரும் நேரத்துக்குப் பேசுவார்கள். மாவட்டத்திலிருந்து போன் வந்தால் இரண்டாவது மருத்துவ அலுவலர் கூட்டத்தைத் தொடரட்டும். இப்போது நீங்கள் வெளியே போனால் முப்பது பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

டெங்கு மாதிரி அவசரம் வந்தால் என்ன செய்வது என்பீர்கள். அப்போது தாராளமாக அதை முதலில் எடுங்கள். அன்றைக்கு எண்களை விட்டுவிடலாம், சுற்றறிக்கையை விட்டுவிடலாம். எதை விடுகிறோம் என்று 2 மணிக்கே அறிவித்துவிட்டால் போதும்.

ஐயா, இதற்குக் காசு ஒதுக்க வேண்டியதில்லை, மேலிடத்து உத்தரவும் தேவையில்லை. வட்டாரத்தில் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். அடுத்த கூட்டத்துக்கான தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நேரம் போட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். காலிப் பணியிடம் அதில் 2.10க்கு இருக்கட்டும். விவரத் தாளைத் தயாரிக்க செக்டார் ஹெல்த் நர்ஸுக்கு உதவ நான் தயாராக இருக்கிறேன். முதல் மாதம் கடிகாரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

பணிவுடன்,
நம் வட்டாரத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்