செக் திரும்பி வந்தால்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஈரோடு கடையில் பைப், ஒயரிங் சாமான், மோட்டார் வாங்கும் பலரும் முப்பது நாள் தவணைக்குச் செக் கொடுக்கிறீர்கள். நீங்களும் வீட்டுக்காரர்களிடமும் பில்டர்களிடமும் செக் வாங்குகிறீர்கள். சமீப மாதங்களில் திரும்பி வரும் செக்குகள் கூடியிருக்கின்றன. விசாரித்தால் பெரும்பாலும் பணமே இல்லாத நிலை இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் குறைந்திருக்கும், அல்லது பணம் அடுத்த நாள் வந்திருக்கும்.

இதற்கு முக்கியக் காரணம், செக் பாஸாகும் வேகம் மாறியதுதான். முன்பெல்லாம் இன்று போட்ட செக் நாளைதான் உங்கள் கணக்கைத் தொடும். அந்தத் தைரியத்தில் மாலையோ மறுநாள் காலையோ பணம் கட்டிச் சமாளித்தோம். 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி அந்த முறையை மாற்றிவிட்டது. பகலில் வங்கி நேரத்தில் போடப்படும் செக்கின் படம் அவ்வப்போதே உங்கள் வங்கிக்குப் போய்விடுகிறது. அன்று இரவு 7 மணிக்குள் பாஸா, ரிட்டனா என்று உங்கள் வங்கி சொல்லியாக வேண்டும். ஆகவே செக்கில் போட்ட தேதியன்று காலையிலேயே முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும். சாயங்காலம் கட்டிக்கொள்ளலாம் என்பது இனி நடக்காது.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். ஒரு காண்ட்ராக்டர் 2025 நவம்பர் 10, திங்கட்கிழமை தேதியிட்டு 86,400 ரூபாய்க்குச் செக் கொடுக்கிறார். ஞாயிறு இரவு அவர் கணக்கில் 92,000 இருக்கிறது. திங்கள் காலை வண்டிக் கடன் தவணை 7,050 தானாகப் பிடிக்கப்படுகிறது. மீதி 84,950. செக் வரும்போது 1,450 ரூபாய் குறைகிறது. வங்கி இருக்கிற 84,950-ஐக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கடன் சொல்லாது. முழுச் செக்கும் திரும்பும். கூடவே காரணம் எழுதிய ஒரு சீட்டும் வரும். அதுதான் ரிட்டன் மெமோ.

செலவு இரண்டு பக்கமும் விழும். கொடுத்தவருடைய வங்கி செக் ரிட்டன் கட்டணம் பிடிக்கும். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். 500 என்று வைத்துக்கொண்டால் வரியோடு 590. வாங்கிப் போட்ட எங்கள் வங்கியும் ஒரு கட்டணம் எடுக்கும். அது 150 என்றால் வரியோடு 177. 1,450 ரூபாய் குறைந்ததற்கு இருவர் கையிலிருந்தும் 767 ரூபாய் போகிறது. அதே செக்கை மறுபடி போட்டு மறுபடி திரும்பினால் இந்தத் தொகை மறுபடியும் போகும். இதனால்தான் உங்களைக் கேட்காமல் எந்தச் செக்கையும் நாங்கள் இரண்டாம் முறை போடுவதில்லை. வங்கிக்கடன் கேட்கும்போது மேனேஜர் முதலில் பார்ப்பது ஸ்டேட்மென்டில் இருக்கும் ரிட்டன் வரிகளை. அந்த நஷ்டத்துக்குக் கணக்குப் போட முடியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளர் மேல் தவறு இருந்தால் மட்டுமே ரிட்டன் கட்டணம் பிடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. செக்கின் படம் சரியாக வராதது போல வங்கி தரப்புக் கோளாறால் செக் திரும்பியிருந்தால், பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள். எழுதிக் கேட்பது உங்கள் உரிமை.

அதனால் மெமோவை முதலில் படியுங்கள். ‘ஃபண்ட்ஸ் இன்சஃபிசியன்ட்’ என்றால் பணம் போதவில்லை. ‘எக்சீட்ஸ் அரேஞ்ச்மென்ட்’ என்றால் ஓவர்டிராஃப்ட் வரம்பைத் தாண்டிவிட்டது. எண்ணிலும் எழுத்திலும் தொகை வேறுபடுவது, தொகையிலோ பெயரிலோ அடித்துத் திருத்தியது, இவையெல்லாம் எழுதும்போது நேர்ந்த பிழைகள். அவற்றுக்குச் சண்டை வேண்டாம், புதுச் செக் வாங்கினால் போதும். ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை’, ‘கொடுத்தவர் நிறுத்தச் சொன்னார்’, ‘கணக்கு மூடப்பட்டது’ என்று வந்தால் மட்டும் சற்று உஷாராக இருங்கள். வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டாலோ, ஸ்டாப் பேமென்ட் கொடுத்தாலோ தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தர வேண்டிய பணத்துக்காகக் கொடுத்த செக் என்றால் அவையும் சட்டத்தின் பிடிக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சரி, செக் கொடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? தகவல் தெரிந்த அன்றே வாங்கியவருக்குப் போன் செய்ய வேண்டும். போனை எடுக்காமல் இருப்பதுதான் விஷயத்தை வக்கீல் வரை கொண்டுபோகிறது. அடுத்து, மறுபடி ஒரு செக் எழுதாமல் நெஃப்ட் மூலமாகவோ யு.பி.ஐ. மூலமாகவோ பணத்தை அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு யு.டி.ஆர். எண்ணைக் குறித்துவைத்து, பழைய செக்கைக் கையோடு திரும்ப வாங்குங்கள். இதை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். பணமும் கொடுத்து, செக்கையும் அவரிடமே விட்டுவைத்தால் பின்னால் அந்தச் செக் உங்களுக்கு எதிராகவே நிற்கலாம். தபாலில் நோட்டீஸ் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தாலும் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். மறுப்பதால் போவது பதில் சொல்லும் வாய்ப்பு மட்டும்தான்.

செக் வாங்கியவருக்குத் தேதிதான் எல்லாம். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில்தான் இந்த வழக்கு வருகிறது. நம் காண்ட்ராக்டர் உதாரணத்திலேயே பார்க்கலாம். செக் திரும்பிய தகவல் நமக்கு நவம்பர் 11 அன்று கிடைத்தது என்று வையுங்கள். அந்த நாளை விட்டு எண்ணினால் முப்பதாவது நாள் டிசம்பர் 11. அதற்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்கு நவம்பர் 24 அன்று போகிறது என்றால், கட்டுவதற்கு அவருக்குப் பதினைந்து நாள், அதாவது டிசம்பர் 9 வரை. அதற்குள் கட்டிவிட்டால் குற்றமே இல்லை. கட்டாவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போட வேண்டும். ஜனவரி 9-க்குள் போட்டுவிடுவது பத்திரம். குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

புகார் போடுவதில் தாமதம் ஆனால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நோட்டீஸுக்கான முப்பது நாளுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘அடுத்த வாரம் தந்துடுறேன்ணா’ என்று நான்கு வாரம் தள்ளுபவரிடம் பலரும் ஏமாறுவது இங்கேதான். நட்பு கெடக் கூடாது என்று நினைத்தால், தினமும் பேசுங்கள், ஆனால் இருபதாவது நாளில் நோட்டீஸைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் இன்னொரு வழி உண்டு. செக் அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். அதற்குள் மறுபடி போட்டு மறுபடி திரும்பினால், அந்தப் புதிய ரிட்டனிலிருந்து முப்பது நாள் புதிதாகத் தொடங்கும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மூன்று மாதமும் போய்விட்டால் மிச்சமிருப்பது சிவில் வழக்குதான். அது நீண்ட வழி.

நோட்டீஸில் எழுதும் தொகையில் கவனம் வேண்டும். செக்கில் உள்ள தொகையை, ரூபாய் மாறாமல், அப்படியே கேட்க வேண்டும். வங்கிக் கட்டணம், வட்டி, வக்கீல் பீஸ் எல்லாம் தனி வரியாக எழுதலாம். செக் தொகையோடு கலக்கக் கூடாது. ஒரு கோடி ரூபாய்ச் செக்குக்கு இரண்டு கோடி என்று நோட்டீஸ் போன ஒரு வழக்கில், தட்டச்சுப் பிழை என்ற விளக்கத்தை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நோட்டீஸே செல்லாது என்றது.

நம் தொழிலில் அடிக்கடி வரும் சிக்கல் பாதிப் பணம். ஒரு வீட்டுக்காரர் 86,400-க்குச் செக் கொடுத்துவிட்டு, தேதி வருவதற்குள் 40,000 ஜி-பேயில் அனுப்பிவிடுகிறார். நீங்கள் அதை மறந்து முழுச் செக்கையும் போடுகிறீர்கள், திரும்புகிறது. இப்போது 138-இல் போனால் வழக்கு நிற்காது. பாதிப் பணம் வாங்கியதைச் செக்கிலேயே குறித்திருக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் வந்த தீர்ப்பு சொல்கிறது. எங்கள் அனுபவத்தில் அதைவிட எளிது, பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதி 46,400-க்குப் புதுச் செக் வாங்கிவிடுவது.

வெளியூர் ஆளிடம் வாங்கிய செக் என்றால், வழக்குக்காக அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நீங்கள் எந்தக் கிளைக் கணக்கில் செக்கைப் போட்டீர்களோ, அந்தக் கிளை இருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே புகார் கொடுக்கலாம். பெங்களூர் பில்டர் கொடுத்த செக்கானாலும் உங்கள் ஈரோட்டுக் கிளைக் கணக்கில் போட்டது என்றால் ஈரோடுதான். மெமோ, செக், தபால் ரசீது, பில் நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்திருங்கள். வக்கீலிடம் போகும்போது முதலில் கேட்பது இவைதான்.

எங்கள் கடையின் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். செக் திரும்பினால் அன்றே உங்களை அழைப்போம். எங்கள் வங்கி எங்களிடம் பிடித்த கட்டணத்தை மட்டும் ரசீதோடு கேட்போம். அதற்கு மேல் அபராதம் எதுவும் கிடையாது. பணம் வந்த உடனே செக்கைத் திருப்பித் தருவோம், கணக்குப் புத்தகத்தில் உங்கள் முன்னாலேயே அடிப்போம். வரும் செக்குக்குப் பணம் வராது என்று உங்களுக்குத் தோன்றினால், செக் தேதிக்கு முந்தைய நாள் மாலைக்குள் கணக்குப் பிரிவில் சொல்லுங்கள். ஒரு வாரம் வரை போடாமல் வைத்திருப்போம். காலை பத்து மணிக்கு வங்கிக்குப் போய்விட்டால் எங்களாலும் நிறுத்த முடியாது.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர், ஈரோடு