உன் தங்கைக்கு என்ன அனுப்பலாம்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் ஆசைப்பட்ட வேலையே கிடைத்துவிட்டது என்று படித்தபோது மனசு நிறைந்துபோனது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல். நான் நலம். ஓய்வு பெற்ற பிறகு பகல் நீளமாகிவிட்டது. காலையில் நடக்கிறேன், அப்புறம் படிக்கிறேன்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தங்கை ஒருத்தியே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள், அவள் பிறந்தநாளுக்கு மசாஜ் நாற்காலி வாங்கி அனுப்பவா, இல்லை எங்காவது இரண்டு நாள் தங்கிவர ஏற்பாடு செய்யவா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். நாற்காலியில் உட்கார அவளுக்கு நேரம் இல்லை. வெளியூர் போனால் அப்பாவை யார் பார்ப்பது என்ற ஏற்பாட்டையும் அவளேதான் செய்ய வேண்டும். பரிசு என்ற பேரில் அவள் தலையில் இன்னொரு வேலை ஏறும்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகியது. ராத்திரி எப்படிப் போகிறது என்று கேட்டேன். இரவு 11 மணிக்குப் படுக்கிறாள். 12 மணிக்கு அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அப்புறம் 2 மணிக்கு, 4 மணிக்கு. நடுவில் ஒருமுறையாவது படுக்கை நனைந்துவிடும், விரிப்பை மாற்ற வேண்டும். 6 மணிக்கு மாத்திரை. கூட்டிப் பார்த்தால் அஞ்சு மணி நேரம் படுத்திருப்பாள். ஆனால் ஒன்றரை மணி நேரம்கூட ஒரே மூச்சாகத் தூங்குவதில்லை. தூக்கத்தில் ஒரு சுற்று முடியவே சுமார் 90 நிமிடம் ஆகும். உடம்பைத் தேற்றுகிற ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில்தான் வரும். அந்த நேரத்தில்தான் அவள் எழுந்து நிற்கிறாள். அம்மாவை நான் பார்த்துக்கொண்ட காலத்தில் எனக்கும் இதேதான். முதுகு வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தூக்கம் துண்டு துண்டாகப் போவதுதான் ஆளைச் சாய்க்கும். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்கிற பயமும் அதில்தான் தொடங்கும்.

அதனால் அவளுக்கு ராத்திரியைக் கொடு. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட ராத்திரி, மாறாமல், வேறொருவர் அப்பா பக்கத்தில் விழித்திருக்க, இவள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். எப்போதோ ஒருநாள் கிடைக்கிற தூக்கம் பல மாத அலுப்பைத் தீர்க்காது. வியாழக்கிழமை ராத்திரி தூங்கலாம் என்று தெரிந்தால் புதன்கிழமையைத் தாண்டுவது எளிது. வியாழக்கிழமையை நான் எடுத்துக்கொள்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன். முதலில் "வேண்டாம்ணா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நீ செய்ய வேண்டியது, வாரத்தில் இன்னும் இரண்டு ராத்திரிக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்வது. வருகிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் புது முகம் வந்தால், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு இவள் விடியவிடிய விழித்திருப்பாள். முழு ராத்திரிக்கு ஆள் கிடைக்காவிட்டால் இரவு 9 மணியிலிருந்து 2 மணி வரைக்குக் கேள். இவள் 9 மணிக்கே படுத்துவிட்டால் அந்த ஆழ்ந்த தூக்கம் முழுசாகக் கிடைக்கும். பின்னிரவில் ஆள் வருவதைவிட இதுவே நல்லது.

எடுத்த எடுப்பில் ராத்திரியில் போய் உட்கார முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டில் கண் விழித்து அறிமுகமில்லாத ஆளைப் பார்த்தால் அப்பா பயந்து மகளைத்தான் கூப்பிடுவார். ஒரு கூப்பாட்டில் அவள் எழுந்து வந்துவிடுவாள். அதனால் முதலில் சில நாள் சாயங்காலத்தில் போய், அவள் பக்கத்தில் நிற்க, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்துப் பழக வேண்டும். நான் அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். ஒருக்களிக்கும்போது முழுசாகப் பக்கவாட்டில் சாய்க்கக் கூடாது. இடுப்பு எலும்பின் மேல் முழுப் பாரமும் விழும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து, சுமார் 30 டிகிரி சாய்வில் நிறுத்தினால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் இருக்க வேண்டும். வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். அப்பா தண்ணீர் கேட்டால் படுத்தபடியே கொடுக்கக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அவருக்கு எப்படிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களோ அப்படி. பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கும், புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கட்டில் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினோம், எப்போது விரிப்பு மாற்றினோம், தோலில் ஏதாவது சிவப்பு தெரிந்ததா என்று குறிப்பு. அழுத்தி எடுத்தால் வெளுக்காத சிவப்புதான் படுக்கைப் புண்ணின் முதல் அடையாளம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கறுத்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும், எதற்கெல்லாம் அவளை எழுப்ப வேண்டும் என்று அவள் கையாலேயே எழுத வைத்தேன். மூச்சுத் திணறல், காய்ச்சல், கீழே விழுதல், புதிதாக முகம் கோணுதல் அல்லது பேச்சுக் குழறல். கடைசி இரண்டுக்கும் அவளை எழுப்பும்போதே ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வேறு எதற்கும் எழுப்ப மாட்டோம் என்று பேச்சு. சத்தமில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டாலும் தூக்கம் வராது. முதல் ராத்திரி எப்படியும் அவள் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பாள். அதற்காக இது பயன்படவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

மற்ற ராத்திரிகளில் அவள் தனியாகத்தானே இருக்கப்போகிறாள். பொருளாக ஏதாவது அனுப்பியே தீர வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அந்த ராத்திரிகளின் வேலையைக் குறைக்கிற பொருளாக அனுப்பு. முதலில் படுக்கை. இப்போது நனைந்தால் விரிப்பு முழுவதையும் உருவி, அப்பாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டி, புதிதாக விரிக்கிறாள். அரை மணி நேரம் போகிறது. துவைக்கக்கூடிய, நன்றாக உறிஞ்சுகிற அண்டர்பேடும் ரப்பர் ஷீட்டும் நிறைய அனுப்பு. சாயங்காலமே ரப்பர் ஷீட், அதன் மேல் பேட், அதற்கும் மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு பேட் என்று இரண்டு அடுக்காகப் போட்டுவைத்தால், நனைந்ததும் மேல் அடுக்கை மட்டும் உருவினால் போதும். கீழே காய்ந்த படுக்கை தயாராக இருக்கும். ஆனால் இரண்டு அடுக்குக்கு மேல் போகக் கூடாது. கனம் கூடினால் சூடும் ஈரமும் தங்கும், அடியில் உள்ள மெத்தையின் பயனும் போய்விடும்.

அடுத்தது ஸ்லைடு ஷீட். வழுவழுப்பான நைலான் துணி. அப்பாவை ஒருக்களித்து அடியில் விட்டுவிட்டால் தூக்காமலே மேலே நகர்த்தலாம். கட்டிலில் கீழ்நோக்கிச் சரிந்துவிடுகிறவரை மேலே இழுக்கும்போதுதான் அவள் இடுப்பு போகிறது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்பா வழுக்கி விழுவார். வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்கிறேன்.

காற்று மெத்தை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் சரியாக ஊதியிருக்கவில்லை. இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன், எலும்பு கையில் தட்டுப்பட்டது. உடம்புக்கும் கைக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். இப்போது சரிசெய்தாயிற்று. நல்ல மெத்தையும் தோலும் ஒத்துழைத்தால் சிலருக்குத் திருப்புகிற இடைவெளியை இரண்டு மணியிலிருந்து கூட்டலாம், ஆனால் அப்பாவின் தோலைப் பார்த்து நர்ஸோ டாக்டரோ சொல்ல வேண்டும். இன்னொன்றையும் டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா சாப்பிடுகிற நீர் மாத்திரையை இரண்டாம் வேளை சாயங்காலம் கொடுக்கிறாள். அதை மத்தியானத்துக்கு மாற்ற முடிந்தாலே ராத்திரி நனைவது குறையும். நாமாக மாற்றக் கூடாது. உனக்குத்தான் போனில் நிதானமாகப் பேச வருமே, அந்த டாக்டரிடம் நீயே பேசிவிடு. மருந்து தீருவதற்குள் வாங்கச் சொல்வது, அடுத்த பரிசோதனைக்கு நேரம் வாங்குவது எல்லாம் எங்கிருந்தும் செய்யக்கூடியவை. அவற்றை அவளிடமிருந்து முழுசாக எடுத்துக்கொள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லாதே. என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே அவளுக்கு இன்னொரு வேலை.

நீ லீவில் வரும்போது விருந்தாளியாக வராதே. நோட்டை முன்கூட்டியே படமெடுத்து அனுப்புகிறேன், படித்துவிட்டு வா. வந்த சில நாளில் பழகிக்கொண்டு, இருக்கிற வரைக்கும் ராத்திரியை நீ எடுத்துக்கொள். அப்பாவுக்கும் உன்னோடு இருந்த மாதிரி இருக்கும். தங்கையிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடு. உனக்கு எதுவும் சமைக்க வேண்டாம், வருகிறவர்களை உபசரிக்க வேண்டாம் என்று நீயே தெளிவாகச் சொன்னால்தான் அவள் கேட்பாள்.

ராத்திரி ஆள் விஷயமாக எனக்குத் தெரிந்த ஒருவரிடம் பேசியிருக்கிறேன். வயதானவரைத் தூக்கிப் பழக்கமுள்ளவர், பொறுமைசாலி. எந்த இரண்டு கிழமை என்று தங்கையிடம் கேட்டு எனக்கு எழுது. கட்டிலின் நீள அகலத்தை நான் அளந்து அனுப்புகிறேன், ரப்பர் ஷீட்டை அந்த அளவுக்கு வாங்கு. டாக்டர் நீர் மாத்திரையைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் வியாழக்கிழமைக்குள் தெரியப்படுத்து. நோட்டில் நேரத்தை மாற்றி எழுத வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்